பேச்சு விட்டுப்போன நண்பரிடம் நாலு வரியில் மன்னிப்புக் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு வருஷமோ மூன்று வருஷமோ பேசாமல் விட்ட நண்பருக்கு மறுபடி எழுதுவதற்கான வழி இது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்கு இது பொருந்தாது. எந்தச் சண்டையும் இல்லாமல், இன்றைக்குப் பேசலாம் நாளைக்குப் பேசலாம் என்று தள்ளித் தள்ளி விட்டுப்போனவர்களுக்கு மட்டும்.

இப்படிப்பட்ட செய்தியை அனுப்பும் முன் "இதைக் கொஞ்சம் படித்துப் பார்" என்று பலர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். தடுக்கி விழும் இடம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். தாங்கள் ஏன் பேசவில்லை என்பதை நிரூபிக்கப் பார்க்கிறார்கள். படிப்பவருக்கோ அந்த நேரத்தில் நிரூபணம் வேண்டியதில்லை.

கடைசி வரை ஒரே நிகழ்வை வைத்துச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுக்கொண்டு, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர். ஒருத்தி இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள். இன்னொருத்தி தென்காசிப் பக்கம் ஆசிரியை. பேச்சு குறைந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடையில் தென்காசிக்காரியின் அப்பா இறந்துபோனார். கோவைக்காரி வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மை மூன்று போட்டதோடு சரி. போன் பண்ணவில்லை, நேரில் போகவும் இல்லை. எட்டு மாசம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தாள்.

## 1. இப்போது உங்களுக்கு அவரிடம் ஏதாவது ஆக வேண்டியிருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள். வேலைக்குச் சிபாரிசு, கடன், டாக்டர் நம்பர், வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு என்று ஏதாவது ஒரு தேவை பக்கத்தில் இருந்தால், மன்னிப்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது முன்னுரையாகத்தான் படும். நாலு நாள் கழித்து நீங்கள் உதவி கேட்கும்போது, "ஓ, இதுக்குத்தானா அன்னைக்கு சாரி" என்று அந்தப் பழைய செய்தியும் சேர்ந்து கெட்டுப்போகும்.

தேவை தள்ளிப்போடக்கூடியது என்றால் மன்னிப்பை இப்போது கேட்டுவிட்டு, உதவியை வேறு யாரிடமாவது கேளுங்கள். பத்திரிகை கொடுக்க வேண்டிய நிலை என்றால் ஒளிக்காதீர்கள். "பத்திரிகை வைக்கத்தான் கூப்பிட்டேன், ஆனா இத்தனை நாள் பேசாம இருந்தது என் தப்பு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மறைத்து வைத்துப் பிறகு வெளியே எடுப்பதுதான் உறுத்தும்.

## 2. நீங்கள் இல்லாத காலத்தில் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை விட்டுவிட்டு நேராக எழுதினால் வரும் விபத்து பெரியது. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பீர்கள், அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கருச்சிதைவு, விவாகரத்து, வேலை போனது என்று எதுவும் நடந்திருக்கலாம்.

இருவருக்கும் தெரிந்த ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். "அவ வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? பேசப் போறேன், தெரியாம எதையாவது கேட்டுடக் கூடாது" என்றால் போதும். "என் மேல கோவமா இருக்காளா?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி உங்கள் செய்திக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேரும். அவர் தன் கோபத்தைப் பற்றி இன்னொருவர் மூலம் விசாரிக்கப்பட்டதைத்தான் முதலில் கேள்விப்படுவார்.

அப்படியே, பழைய எண் இன்னும் அவருடையதுதானா என்றும் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட செல்பேசி எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். முன்பின் தெரியாத யாருக்கோ உங்கள் மன்னிப்பு போய்ச் சேர, நீங்களோ "படிச்சுட்டும் பதில் போடல" என்று மருகிக்கொண்டிருப்பீர்கள்.

## 3. எழுத்தா, போனா, நேரிலா?

பெரும்பாலும் எழுத்துதான் நல்லது. திடீரென்று போன் அடித்தால் அவர் அந்த நொடியிலேயே ஒரு முகத்தைக் காட்டியாக வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார், பக்கத்தில் மாமியார் இருப்பார். வருத்தம் இருந்தாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்துவிடுவார். எழுதினால் படித்து, கோபப்பட்டு, ஆறி, பிறகு பதில் போட அவருக்கு நேரம் கிடைக்கும்.

நீங்கள் இருவரும் முன்பு குரல் பதிவில்தான் பேசிக்கொள்வீர்கள் என்றால் குரல் பதிவே அனுப்பலாம். ஒரு நிமிஷத்துக்குள் முடியட்டும். நாலு நிமிஷப் பதிவு என்று திரையில் பார்த்ததுமே அதைத் திறக்கத் தயக்கம் வரும்.

துக்கம் மட்டும் வேறு. இறப்பு நடந்து பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை என்றால், எதையும் எழுதாமல் கிளம்பிப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மன்னிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆள் வந்து உட்கார்ந்தால் போதும். மாதங்கள் ஓடிவிட்டால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். கோவைக்காரி நேராகத் தென்காசிக்கு பஸ் ஏறுவதாகத்தான் இருந்தாள். எட்டு மாசம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் நின்றால், அந்த வீடு ஓரளவு தேறியிருக்கும் ஒரு நாளில் அழுகையை மறுபடி தொடங்கி வைத்தது போலாகும். முதலில் செய்தி, பிறகு அவர்கள் சரி என்றால் நேரில்.

குழுவில் எழுதவே கூடாது. ஸ்டேட்டஸுக்குப் பதிலாக ஒரு இதயம் போட்டுத் தொடங்குவதும் வேண்டாம். அதற்கு அவர் திருப்பி ஒரு இதயம் போட்டுவிட்டால் உங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அவருக்கு எதுவும் மாறியிருக்காது.

## 4. அரட்டைப் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள்

வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால், அவரும் அந்தப் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் நீங்கள் தட்டச்சு செய்வது தெரியும். இருபது நிமிஷம் தட்டுவதும் நிறுத்துவதுமாகத் தெரிந்து, கடைசியில் எதுவும் வராவிட்டால் அது ஒரு மாதிரி. பாதியில் கை பட்டு அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. குறிப்பெழுதும் செயலியிலோ காகிதத்திலோ எழுதிவிட்டு, முடிந்ததும் எடுத்து ஒட்டுங்கள்.

## 5. முதலில் நீளமாக எழுதி, பிறகு வெட்டுங்கள்

எடுத்த எடுப்பிலேயே நாலு வரி எழுத வராது. மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுங்கள், வெட்டுவது அடுத்த வேலை. கோவைக்காரி முதலில் எழுதியது இது:

> ஹாய் டி, எப்படி இருக்க? பேசி ரொம்ப நாளாச்சு. சாரி டி, நான் ரொம்ப மோசமான ஃப்ரெண்டு, எனக்கே என்னைப் பிடிக்கல. புது டீம்ல போட்டுட்டாங்க, நைட் ஷிஃப்ட் வேற. அத்தைக்கு ஆபரேஷன், பாப்பாவுக்கு ஸ்கூல் அட்மிஷன்னு ஒரே ஓட்டம். அப்பா விஷயம் கேள்விப்பட்டதும் உடனே போன் பண்ணணும்னு நினைச்சேன், என்ன பேசுறதுன்னே தெரியல. அப்புறம் லேட் ஆயிடுச்சேன்னு இன்னும் சங்கடமா போச்சு. நீயும் ஒண்ணும் பேசலையா, கோவமோன்னு நினைச்சேன். உன்னை நினைக்காத நாளே இல்ல. ப்ளீஸ் மன்னிச்சிடு. ரிப்ளை பண்ணு, இல்லன்னா எனக்குத் தூக்கமே வராது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் முக்கால்வாசியை எடுக்க வேண்டியிருந்தது.

வேலை, அத்தை, அட்மிஷன் என்ற மூன்று காரணங்களையும் முதலில் எடுத்தோம். அப்பாவை இழந்தவள் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, தன் அப்பா அதில் எத்தனாவது இடத்தில் இருந்தார் என்று எண்ணிப் பார்ப்பாள். இன்னொன்றும் உண்டு. மரியாதைக்காவது "அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று அவள்தான் கேட்க வேண்டிவரும். பேச்சு கோவை வீட்டைச் சுற்றத் தொடங்கிவிடும்.

"நான் மோசமான ஃப்ரெண்டு" என்பது அடுத்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டால், "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல டி" என்று எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்ல வேண்டும். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்பதே தலைகீழாகிவிடுகிறது.

"நீயும் ஒண்ணும் பேசலையா" என்பதைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். உண்மையிலேயே இரண்டு பேரும்தான் பேசவில்லை என்றாலும் இந்தச் செய்தியில் அதற்கு இடமில்லை. அந்த ஒரு வரியால் மற்ற வரிகள் எல்லாம் வழக்காடுவது போல மாறிவிடும்.

"போன் பண்ணணும்னு நினைச்சேன்" என்பதை எடுக்கத்தான் அவளுக்கு மனசு வரவில்லை. நினைத்தது உண்மையாயிற்றே என்றாள். நினைத்தது அவளுக்குள் நடந்தது. தென்காசியில் நடந்தது என்ன? போன் வரவில்லை. அதையே எழுதச் சொன்னேன்.

"நினைக்காத நாளே இல்ல" என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக, நிஜமாகவே நினைவு வந்த ஒரு தருணத்தைத் தேடுங்கள். அவளிடம் கேட்டதும் உடனே வந்தது: குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது தோழியின் அப்பா விடுதிக்கு மங்குஸ்தான் கொண்டுவருவார், போன வாரம் கோவையில் பழக்கடையில் அதைப் பார்த்தாளாம். அவ்வளவு நல்ல விஷயம் முதல் செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை.

கடைசியாக "மன்னிச்சிடு, ரிப்ளை பண்ணு, தூக்கம் வராது". மூன்றுமே கட்டளை. நாம் தப்பு செய்துவிட்டு அவருக்கு வேலை வைக்கிறோம்.

வெட்டிய பிறகு நின்றது இது:

> ஏட்டி, அப்பா போனப்ப நான் உனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. வந்திருக்கணும். என் தப்பு, சாரி டி.
>
> சீசன் சமயத்துல அப்பா நம்ம ரூமுக்குன்னு தனிப் பையில மங்குஸ்தான் கொண்டு வருவாங்கள்லா. போன வாரம் இங்க பழக்கடையில பார்த்ததும் அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.
>
> உனக்கு எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசு. அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன். நீ சரின்னா வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கிறேன்.

முதல் பத்தியில் தப்பு என்ன என்று பெயர் சொல்லியாகிவிட்டது. "தொடர்பில் இல்லாததற்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எது வலித்ததோ அது இவளுக்குத் தெரியவே இல்லை என்று தோழி நினைப்பாள். நடுப்பத்தி அப்பாவுக்கு உரியது. கடைசிப் பத்தியில் கேள்விக்குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். உடனே பதில் சொல்லியாக வேண்டிய எதுவும் அதில் இல்லை.

அழைக்கும் விதத்தையும் மாற்றாதீர்கள். எப்போதும் "ஏட்டி" என்றவள் திடீரென்று பெயர் சொல்லி, "நீங்க எப்படி இருக்கீங்க" என்று ஆரம்பித்தால் தூரம் கூடிவிடும். "மன்னிக்கவும்" என்பதும் அப்படித்தான், சுற்றறிக்கை போல இருக்கும். நீங்கள் இருவரும் வாயால் எதைச் சொல்வீர்களோ அதையே எழுதுங்கள்.

பெரிதாக எதையும் தவறவிடவில்லை, சும்மா பேச்சு நின்றுபோயிற்று என்றால் இன்னும் குறைவாகவே போதும்:

> மச்சான், ரெண்டு வருஷமா நீ போன் பண்ணினப்பெல்லாம் நான்தான் திருப்பிக் கூப்பிடல. சாரி டா. நம்ம மெஸ் இருந்த தெரு வழியா நேத்து போனேன், இப்ப அங்க செல்போன் கடை. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ஃப்ரீயா இருக்கும்போது பேசுவோம்.

வயதில் மூத்த நண்பர் என்றால்:

> அண்ணே, குழந்தை பிறந்ததுக்கு நான் வந்து பார்க்கவே இல்ல. என் தப்புதான். அண்ணிகிட்டயும் சொல்லுங்க. பாப்பா இப்ப நடக்க ஆரம்பிச்சிருப்பாள்ல. உங்களுக்குத் தோதான ஞாயிற்றுக்கிழமை சொன்னா வர்றேன்.

காரணம் உண்மையிலேயே கனமானது என்றால், உதாரணமாக நீண்ட நாள் நோய், மன அழுத்தம், வீட்டில் பெரிய பிரச்சினை என்றால், அதை மறைக்க வேண்டியதில்லை. மன்னிப்பு வரிக்குப் பிறகு ஒரே வாக்கியம்: "இடையில எனக்கும் உடம்பு சரியில்லாம இருந்துச்சு, பார்க்கும்போது சொல்றேன்." வரிசை முக்கியம். காரணம் முன்னால் வந்தால் அது வாதம். பின்னால் வந்தால் வெறும் தகவல்.

## 6. அனுப்பும் நேரம்

ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் எழுதும் தைரியம் வரும், அனுப்புவது மறுநாள் இருக்கட்டும். நடுராத்திரிச் செய்தியைக் காலையில் பார்ப்பவர் முதலில் பயந்துபோவார். சாயங்காலம் வேலை, சமையல் எல்லாம் அடங்கும் நேரம் நல்லது. பொங்கல், தீபாவளி அன்று அனுப்பினால் வாழ்த்துப் படங்களுக்கு நடுவில் புதைந்துவிடும். அவருடைய பிறந்தநாளும் வேண்டாம். அன்றைக்கு வாழ்த்து மட்டும்தான் பொருத்தம்.

எழுத்துப்பிழை இருந்தால் 15 நிமிஷத்துக்குள் திருத்திவிடலாம். அழித்துவிட்டு மறுபடி அனுப்பாதீர்கள். செய்தி நீக்கப்பட்டதாக அங்கே ஒரு தடம் நிற்கும், என்ன எழுதி அழித்தாள் என்று அவர் யோசிப்பார். அனுப்பிய பிறகு "பார்த்தியா?", "பிஸியா?" என்றெல்லாம் வால் சேர்க்கவும் வேண்டாம்.

## 7. பதில் வந்ததும்

"பரவால்ல டி" என்று வந்தால் மறுபடி சாரி சொல்லாதீர்கள். இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அவர் முடித்துவைத்த விஷயத்தை நீங்கள் திறந்தால், இன்னொரு தடவை அவர் முடித்துவைக்க வேண்டும். அவரைப் பற்றிக் கேளுங்கள், அவ்வளவுதான்.

கோவைக்காரிக்கு வந்தது சுலபமான பதில் இல்லை. மறுநாள் மதியம் ஒரே வரி: "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

உடனே போன் பண்ணிப் புதுடீம், அத்தை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடப் போனாள். வேண்டாம் என்றேன். கேள்வி போல இருந்தாலும் அது கேள்வி இல்லை, வருத்தம். வருத்தத்துக்கு விளக்கம் சொன்னால் அவர் அதற்கு மறுப்புச் சொல்வார், பேச்சு சண்டையாகும். ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல பதில் அதற்குக் கிடையாது. அவள் அனுப்பியது: "ரொம்ப லேட்தான். நீ கோவப்படுறது சரி."

அன்று ராத்திரி தோழியிடமிருந்து நீளமாக வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாள் எப்படிப் போனது, யார் யார் வந்தார்கள், குழுவில் வந்த கைகூப்பும் பொம்மைகளைப் பார்த்து எப்படி எரிச்சல் வந்தது என்று. அதன் முடிவில்தான் "சரி, உனக்கு என்னாச்சு?" என்று கேட்டிருந்தாள். விளக்கம் சொல்ல வேண்டிய இடம் இதுதான், கேட்ட பிறகு. அப்போதும் இரண்டு வாக்கியம் போதும்: "வீட்டுல அத்தைக்கு ஆபரேஷன், எனக்கு நைட் ஷிஃப்ட். ஆனா போன் பண்ண அஞ்சு நிமிஷம் இல்லாம இல்ல, என்ன பேசுறதுன்னு பயந்துட்டேன்." இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது சாக்காகத்தான் போயிருக்கும்.

## 8. பதில் வராவிட்டால்

ஒற்றை டிக் மட்டும் நாள்கணக்கில் நின்றால் செய்தி போய்ச் சேரவே இல்லை. எண்ணை இன்னொரு தடவை சரிபாருங்கள். தடை செய்திருந்தாலும் ஒற்றை டிக்தான் நிற்கும், ஆகவே வேறு எண்ணிலிருந்து துரத்த வேண்டாம். இரட்டை டிக் விழுந்தும் நீலமாகவில்லை என்றால் எதையும் முடிவு செய்ய முடியாது. படித்ததைக் காட்டாதபடி பலர் அமைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாசம் போல விடுங்கள். பிறகு ஒரே ஒரு செய்தி. அதில் மன்னிப்பும் வேண்டாம், பழைய செய்தியைப் பற்றிய பேச்சும் வேண்டாம். அவருக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்ததாக ஒரு படம், அவர் ஊரில் மழை என்று கேட்டதாக ஒரு வரி, அந்த மாதிரி. அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பொதுத் தோழியைத் தூது அனுப்பாதீர்கள். பேசாமல் இருக்க நீங்கள் எடுத்துக்கொண்ட அதே உரிமை அவருக்கும் உண்டு. ஆறு மாசம் கழித்து அவராகவே வருவதும் நடக்கும்.

## 9. அடுத்த சில மாசங்கள்

"இனிமே வாராவாரம் பேசுறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவது வாரமே தவறும், அப்புறம் அதற்கொரு மன்னிப்பு. உங்களால் நிச்சயமாக முடிந்த சின்ன அளவை, சொல்லாமலே செய்யுங்கள். மாசத்துக்கு ஒரு போன்கூடப் போதும். காலைவணக்கப் படங்களை அனுப்பி அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செய்தியில் ஒரு காரியத்தைச் செய்வதாகச் சொல்லியிருந்தால் அதைத் தவறவே விடாதீர்கள். கோவைக்காரி அடுத்த மாசம் தென்காசிக்குப் போனாள். அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் தரப்பைச் சொல்லத் தொடங்கவில்லை. அம்மாவே "வேலை ஜாஸ்தியோ ம்மா?" என்று கேட்டபோது, "இருந்தாலும் வந்திருக்கணும் ம்மா" என்றாளாம்.

கிளம்பும் முன் தலைத்திவசம் எப்போது என்று கேட்டுக்கொண்டாள். துக்கத்தைத் தவறவிட்டவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். திவசம் தமிழ் மாசத்தையும் திதியையும் வைத்து வரும். இறந்த ஆங்கிலத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் பல நாள் முன்னே பின்னே போய்விடும், நீங்கள் கூப்பிடும்போது எல்லாம் முடிந்திருக்கும். தேதி தெரிந்ததும் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்று போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். திவசத்தன்று வீட்டில் ஐயர், சமையல், சொந்தக்காரர்கள் என்று கையோயாத வேலை இருக்கும். முந்தின நாள் ராத்திரிதான் தோழிக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.